அப்பா எழுதின பழைய கடிதம், ஸ்கேன்ல சிவப்பு மைக் கறையை மட்டும் எடுக்கணும், எழுத்து போகக்கூடாது

தபால்பெட்டி
எல்லாருக்கும் வணக்கம். 1976ல அப்பா பிலாய்ல வேலை பார்த்தப்போ அம்மாவுக்கு எழுதின கடிதம் ஒண்ணு இருக்கு. கோடு போட்ட வெள்ளைத் தாள்ல ரெண்டு பக்கம், நீல மை, பேனா பவுண்டன் பேனா. முதல் பக்கத்துல பாதிக்கு மேல சிவப்பு மை கொட்டியிருக்கு, கறைக்குள்ள எழுத்து இருக்கிறது தெரியுது ஆனா படிக்க முடியல. ரெண்டாம் பக்கத்துல அதே நீல மை பொட்டுனு சிந்தி ஒரு ரூபாய் சைஸ்ல திட்டு. அம்மாவுக்கு பெருசா பிரிண்ட் போட்டு கொடுக்கணும், கண்ணு இப்ப அவ்வளவா தெரியாது அவங்களுக்கு. போட்டோ கீழே போட்டிருக்கேன். கிம்ப் கொஞ்சம் தெரியும், போட்டோஷாப் இல்ல.

லலிதா கிச்சன்
எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் தடவி வெயில்ல வைங்க, எங்க வீட்டுல யூனிஃபார்ம் சட்டையில இங்க் பட்டா இப்படித்தான் எடுப்போம். அப்படியும் போகலைன்னா சூடான பால்ல ஊற வைங்க.

தபால்பெட்டி
மேடம் இது பேப்பர் 😅 அதுவும் நான் கேக்கிறது ஸ்கேன் பண்ணின படத்துல.

இருட்டறை
லலிதாம்மா, தாள்ல தண்ணி பட்டாலே கறையோட சேர்ந்து நீல எழுத்தும் கரைஞ்சு ஓடிடும். தயவுசெஞ்சு யாரும் ஒரிஜினல் மேல எதையும் தடவாதீங்க.

தபால்பெட்டி, நீங்க போட்டிருக்கிற படம் வாட்ஸப்ல வந்ததுதானே? பெருசாக்கிப் பார்த்தா கறையோட ஓரம் கட்டம் கட்டமா தெரியுது. ஜேபெக்ல வெளிச்சத்தை ஒழுங்கா வச்சுக்கிட்டு நிறத்தை மட்டும் பாதி அளவுக்கு சுருக்கிடுவாங்க, சாதாரண போட்டோவுக்கு அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா நமக்கு வேண்டியதே நிறம்தான், சிவப்பு எங்க நீலம் எங்கன்னு பிரிச்சாத்தான் கறையை எடுக்க முடியும். அதனால மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. கலர் மோடு, 600 டிபிஐ, டிஃப் இல்லன்னா பிஎன்ஜி. ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல ஷார்ப்பன், ஆட்டோ எக்ஸ்போஷர், டெக்ஸ்ட் என்ஹான்ஸ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. தாளுக்குப் பின்னாடி ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் வைங்க, பின்பக்க எழுத்து நிழல் மாதிரி தெரியறது குறையும். மடிப்பு இருந்தா கண்ணாடியில நல்லா படியிற மாதிரி மேல கனமான புத்தகம் வைங்க, மெல்லிசான புது ஸ்கேனர்ல தாள் கொஞ்சம் தூக்கினாலே அந்த இடம் மங்கிடும்.

பிக்சல் பாண்டி
ப்ரோ இவ்ளோ எல்லாம் வேணாம். ஹியூ சாச்சுரேஷன் போய் Reds மட்டும் செலக்ட் பண்ணி லைட்னஸ் ஃபுல்லா ஏத்துங்க கறை காலி. அப்புறம் த்ரெஷோல்ட் போட்டு பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கி டெஸ்பெக்கிள் ஒண்ணு விட்டா ஜெராக்ஸ் மாதிரி வந்துடும். உங்க படத்தையே பண்ணி போட்டிருக்கேன் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

தபால்பெட்டி
பாண்டி ப்ரோ ரொம்ப நன்றி, முதல் பார்வைக்கு சூப்பரா இருக்கு. ஆனா கறை இருந்த இடத்துல பல எழுத்து அரைகுறையா நிக்குது. "பத்து நாள்"னு அப்பா எழுதியிருக்கார் அது "பதது நாள" ஆயிடுச்சு.

இருட்டறை
அதுதான் டெஸ்பெக்கிள் பண்ற வேலை. தூசு எவ்வளவோ புள்ளியும் அவ்வளவுதான், மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. இவர் எழுத்துல புள்ளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வாட்ஸப் படத்துல அது மூணு பிக்சல், ரேடியஸ் 3ல விட்டா ஊர்ல இருக்கிற எல்லா ஒற்றும் போயிடும். இங்கிலீஷ்ல ஐ மேல புள்ளி போனா யாருக்கும் நஷ்டமில்ல, நமக்கு அப்படியா. 600ல ஸ்கேன் பண்ணினா அதே புள்ளி ஒன்பது பத்து பிக்சல் வரும், அதுலயும் நான் டெஸ்பெக்கிள் போடமாட்டேன். கறைத் தெறிப்பு எழுத்து தலைக்கு மேல விழுந்து புதுசா ஒரு புள்ளி வச்சிருக்கும், அதை கையால ஒவ்வொண்ணா பார்த்துத்தான் எடுக்கணும், கலர் ஸ்கேனை பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு.

பாண்டி சொன்ன முதல் பாதி தப்பில்ல தம்பி, நிறத்தை வச்சுப் பிரிக்கணும்ங்கிறது சரி. சிக்கல் என்னன்னா கறை எழுத்து மேல விழுந்த இடம் சிவப்பா இல்ல, கருநீலமா ஊதாவா இருக்கு. Redsனு செலக்ட் பண்ணினா அந்த ஊதாவுல பாதி மாட்டும் பாதி மாட்டாது, எழுத்தோட ஓரம் அரிச்சுப் போன மாதிரி ஆகும். நீங்க போட்ட படத்துல நடந்ததும் அதுதான்.

பிக்சல் பாண்டி
ஓகே ண்ணா. அப்ப எப்படி பிரிக்கிறது?

இருட்டறை
செலக்ட் பண்றதே வேண்டாம். படத்துல ஏற்கனவே மூணு தனித்தனி கறுப்பு வெள்ளைப் படம் இருக்கு, சிவப்பு பச்சை நீலம்னு. சிவப்பு மை எதனால சிவப்பா தெரியுது? பச்சை வெளிச்சத்தையும் நீல வெளிச்சத்தையும் விழுங்கிட்டு சிவப்பை மட்டும் திருப்பி விடறதால. அப்ப சிவப்பு சேனலை மட்டும் தனியா பார்த்தா அந்தக் கறை கிட்டத்தட்ட வெள்ளைத் தாள் மாதிரியே இருக்கும். நீல மை அதுக்கு நேர்மாறா சிவப்பை விழுங்குது, அதனால அதே சேனல்ல எழுத்து கன்னங்கரேல்னு நிக்கும். இவருக்கு அதிர்ஷ்டம், நீல எழுத்துமேல சிவப்புக் கறை, இதைவிட சுலபமான கேஸ் கிடையாது.

கிம்ப்ல `Colors > Components > Decompose` போய் RGB கொடுங்க, மூணு லேயர் வரும், red மட்டும் கண்ணைத் திறந்து வச்சுட்டு மத்த ரெண்டையும் மூடிட்டு பாருங்க. பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

தபால்பெட்டி
அண்ணே!!! 600ல திரும்ப ஸ்கேன் பண்ணி இப்பத்தான் போட்டுப் பார்த்தேன், முக்கால்வாசி வந்துடுச்சு. கறைக்கு நடுவுல "பாப்பாவுக்கு ஜுரம் விட்டதா"ன்னு இருக்கு, பாப்பா எங்க அக்கா. இத்தனை வருஷமா யாருமே படிக்காத வரி. ஆனா கறை முழுசா போகல, சாம்பல் கலர்ல ஒரு நிழல் நிக்குது, ஓரத்துல அந்த நிழல் இன்னும் அழுத்தமா இருக்கு. அதோட தாள்ல இருக்கிற நீலக் கோடும் முன்னைவிட அதிகமா தெரியுது.

இருட்டறை
ஓரம் அழுத்தமா இருக்கிறது சகஜம், மை காயும்போது சாயம் ஓரத்துக்கு ஓடி சேர்ந்துக்கும், காபி டம்ளர் வட்டம் மாதிரி. கோடும் நீலம்தானே, எழுத்தோட சேர்ந்து அதுவும் கறுக்கும்.

நிழலை எடுக்கலாம். கலர் பிக்கரை எடுத்து ஒரிஜினல் கலர் படத்துல நாலு இடம் தொட்டு R, G நம்பர் ரெண்டையும் எழுதி போடுங்க: வெறும் தாள், வெறும் கறை, கறை இல்லாத இடத்து எழுத்து, கறைக்குள்ள இருக்கிற எழுத்து. ஒரு பிக்சல் இல்ல, பிக்கர்ல சராசரி எடுக்கிற ஆப்ஷன் இருக்கு அதைப் போட்டு எடுங்க.

தபால்பெட்டி
தாள் R 240 G 235
கறை R 215 G 90
எழுத்து R 70 G 90
கறைக்குள்ள எழுத்து R 62 G 35

இருட்டறை
அருமை. பாருங்க, சிவப்பு சேனல்லயே கறை 25 பாயிண்ட் வெளிச்சத்தை முழுங்கியிருக்கு, அதுதான் அந்த நிழல். ஆனா பச்சையில 145 பாயிண்ட் முழுங்கியிருக்கு. அதாவது கறை எங்க எவ்வளவு அழுத்தமா இருக்குன்னு பச்சை சேனல் நமக்கு ஒரு மேப் போட்டுக் கொடுக்குது. சிவப்பை கொஞ்சம் தூக்கி அதுலருந்து பச்சையை கொஞ்சம் கழிச்சா நிழல் அடிபட்டுப் போகும்.

ஒரிஜினல் கலர் படத்துக்குத் திரும்பப் போய் மோனோ மிக்சர்ல Red 1.2, Green -0.2, Blue 0 போடுங்க. உங்க நம்பரையே போட்டுப் பாருங்க. தாள் 288ல 47 போக 241. கறை 258ல 18 போக 240. ரெண்டும் ஒண்ணாயிடுச்சா? எழுத்து 84ல 18 போக 66, கறைக்குள்ள எழுத்து 74ல 7 போக 67. கறைக்குள்ள இருக்கிற எழுத்தும் வெளிய இருக்கிற எழுத்தும் ஒரே அழுத்தத்துல வந்துடும்.

இந்த 1.2ங்கிறது உங்க மைக்கு உங்க ஸ்கேனருக்கு மட்டும்தான், வேற யாராவது இதை அப்படியே காப்பி பண்ணாதீங்க. பச்சையை ரொம்ப கழிச்சா கறை இருந்த இடம் தாளைவிட வெளுப்பா வந்து காட்டிக்கொடுக்கும், அப்ப 1.15, -0.15னு குறைக்கணும். ரெண்டு நம்பரையும் கூட்டினா ஒண்ணு வரணும் அவ்வளவுதான். கறையோட ஓரத்துல சாயம் ரொம்ப கெட்டியா இருக்கும், அங்க இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும், மெல்லிசா ஒரு கோடு நிக்கும்.

குமாஸ்தா
குறுக்க வரேன் மன்னிக்கவும். எங்க தாத்தா காலத்து கிரயப் பத்திரத்துல சாட்சி கையெழுத்து மேலயே ஊதா கலர் ரப்பர் ஸ்டாம்பு சீல் விழுந்திருக்கு, கையெழுத்து கறுப்பு மை. இதே மாதிரி சீலை எடுத்துட்டு கையெழுத்தை மட்டும் காட்டி கேஸ்ல போடலாமா?

இருட்டறை
படிக்கிறதுக்கு எடுக்கலாம், ஊதா மை நீல வெளிச்சத்தை நல்லா விடும், அதனால நீல சேனலைப் பாருங்க. கறுப்பு எந்த சேனல்லயும் கறுப்புதான், அது எங்கயும் போகாது. ஆனா கோர்ட்டுக்கு அந்தப் படத்தைக் கொண்டுபோகாதீங்க சார், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே கம்ப்யூட்டர்ல என்ன பண்ணீங்கன்னு கேப்பாரு. சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் போட்டு வாங்குங்க, கையெழுத்து உண்மைதானான்னு சண்டை வந்தா தடயவியல் ஆளுங்க ஒரிஜினலைத்தான் கேப்பாங்க.

குமாஸ்தா
நகல்லயும் அந்த சீல் இருக்குமே சார்.

இருட்டறை
வேற இழை ஆரம்பிங்க சார், இங்க பேசினா இவர் கடிதம் காணாமப் போயிடும்.

ரா_பைத்தான்
இருட்டறை சார் சொன்னதையே பைத்தான் புரோகிராமா எழுதிட்டேன், நிறைய பக்கம் இருக்கிறவங்களுக்கு உதவும். கடைசியில மிச்சம் நிக்கிற நிழலுக்கும் மடிப்புக்கும் ஒரு டிவைட் சேர்த்திருக்கேன், அதாவது எழுத்தே இல்லாத வெறும் தாள் எப்படி இருந்திருக்கும்னு ஒரு படம் தயார் பண்ணி அதால வகுக்கிறது.

```python
import cv2, numpy as np
img = cv2.imread("kaditham.tif").astype(np.float32)
b, g, r = cv2.split(img)
x = np.clip(1.2*r - 0.2*g, 0, 255).astype(np.uint8)
k = cv2.getStructuringElement(cv2.MORPH_ELLIPSE, (41, 41))
bg = cv2.morphologyEx(x, cv2.MORPH_CLOSE, k)
bg = cv2.GaussianBlur(bg, (0, 0), 5)
out = cv2.divide(x, bg, scale=255)
cv2.imwrite("suththam.png", out)
```

41ங்கிறது பேனா முனை அகலத்தைவிட நல்லா பெருசா இருக்கணும். இவர் எழுத்து கோடு 600 டிபிஐல 14 பிக்சல் வருது, ஆனா சுழி சேர்ற இடத்துல எழுத்து கொத்தா இருக்கும் அதனால மூணு மடங்கு வச்சேன். சின்னதா வச்சா எழுத்து அந்த வெறும் தாள் படத்துலயும் வந்துடும், வகுத்தா எழுத்து நடுவுல வெளுத்து கூடா நிக்கும்.

இருட்டறை
நல்லா எழுதியிருக்கீங்க. முக்கியமா CLOSE போட்டீங்களே அது சரி. நிறைய பேர் dilate மட்டும் போட்டு விட்டுடுவாங்க, அது தாளோட வெளுப்பை கறைக்குள்ள தள்ளிடும், வகுத்ததும் கறையைச் சுத்தி கறுப்பா ஒரு வேலி நிக்கும். புரோகிராம் தெரியாதவங்க கிம்ப்லயே பண்ணலாம், லேயரை டூப்ளிகேட் பண்ணி மேல இருக்கிறதுல Median Blur, ரேடியஸ் 30 பக்கம், அதுல Percentile 50னு இருக்கும் அதை 80க்கு ஏத்திட்டு, லேயர் மோடை Divide ஆக்குங்க. வேலி கொஞ்சம் நிக்கும்தான், ஆனா மிக்சர்லயே கறை பெரும்பாலும் போயிட்டதால மெல்லிசாத்தான் இருக்கும்.

தபால்பெட்டி
புரோகிராம் ஓடல எனக்கு, கிம்ப்ல பண்ணினேன். முதல் பக்கம் முடிஞ்சுது, கறை எங்க இருந்துச்சுன்னு நானே தேட வேண்டியிருக்கு. நீலக் கோட்டை என்ன பண்றது?

இருட்டறை
லெவல்ஸ்ல வெள்ளை முனையை கொஞ்சம் உள்ள இழுங்க. டிவைட் பண்ணினதுக்கப்புறம் உங்க கோடு 210 பக்கம் இருக்கும், 205ல நிறுத்தினா கோடு மறையும். அதுக்கு மேல இழுக்காதீங்க, பேனா மேல போகும்போது விழற மெல்லிசு கோடு எல்லாம் 150லருந்து 180 வரைக்கும் இருக்கு, அதுல கை வச்சா ரெட்டைச்சுழி மூணு சுழி எல்லாம் உடையும். த்ரெஷோல்ட் வேணவே வேணாம், சாம்பல் ஷேடு இருக்கிறபடியே பிரிண்ட் போடுங்க, வயசானவங்க கண்ணுக்கு அதுதான் படிக்க வரும்.

பிக்சல் பாண்டி
அண்ணா ஒரு டவுட்டு, முதல் பக்கத்துல நாலாவது வரியில லகரம் முன்னாடி ஒரு சுருட்டல் இருக்கே அது கறைதானே, ஹீல் பிரஷ் போட்டு அழிச்சுடலாமா

கிழக்குத்தெரு
ஐயோ தம்பி கை வைக்காதீங்க! அது பழைய லை. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி ணை லை ளை னை நாலுக்கும் தும்பிக்கை மாதிரி மேல வளைச்சுத்தான் எழுதுவோம், நான் ஸ்கூல்ல படிச்சதே அப்படித்தான். அழிச்சீங்கன்னா "வேலை" "வேல" ஆயிடும்.

பிக்சல் பாண்டி
🙏 தெரியாது சார், நான் 2001 பேட்ச்

தபால்பெட்டி
ரெண்டாம் பக்கம்தான் இப்ப. நீல எழுத்து மேல அதே நீல மை. சிவப்பு சேனல்ல பார்த்தா திட்டு முழுக்க தார் ஊத்தின மாதிரி ஒரே கறுப்பு. இதுக்கு ஏதாவது வழி இருக்கா? இன்ஃப்ராரெட்ல எல்லாம் தெரியும்னு யூடியூப்ல பார்த்தேன்.

ரா_பைத்தான்
ஒரே மைன்னா பிரிக்க முடியாது ப்ரோ. நிறம் ஒண்ணுதானே, கணக்குக்கு பிடியே இல்ல.

இருட்டறை
நிறத்தால பிரிக்க முடியாது, அழுத்தத்தால கொஞ்சம் முடியும். எழுத்து இருக்கிற இடத்துல மை ரெண்டு தடவை விழுந்திருக்கு, திட்டு மட்டும் இருக்கிற இடத்துல ஒரு தடவை. அந்த வித்தியாசம் சிவப்பு சேனல்ல தெரியாது, ஏன்னா அங்க ஒரு தடவை விழுந்ததுக்கே வெளிச்சம் மொத்தமும் செத்துப் போச்சு, ரெண்டாவது தடவை சாகிறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல. அதனால இந்தத் தடவை தலைகீழா போங்க, நீல சேனலைப் பாருங்க. நீல மை அங்க கொஞ்சம்தான் முழுங்கும், அதனால ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் இடைவெளி மிஞ்சியிருக்கும். ஸ்கேனர்ல 48 பிட் கலர் இருந்தா அதுல எடுங்க, இந்த மாதிரி சின்ன வித்தியாசத்தை இழுக்கும்போது 8 பிட்ல படி படியா உடையும்.

இன்ஃப்ராரெட் இங்க உதவாது. சாயத்துல செஞ்ச பேனா மை அதுல கண்ணாடி மாதிரி ஆயிடும், திட்டும் போகும் கூடவே எழுத்தும் போகும். பென்சில் எழுத்து மேல, அச்சடிச்ச எழுத்து மேல பேனா மை கொட்டியிருந்தா மட்டும்தான் அது மந்திரம், கரி மட்டும் கறுப்பா நிக்கும்.

கிழக்குத்தெரு
பால்பாயிண்ட்டா இருந்தா டார்ச்சை தாள் ஓரமா படுக்க வச்சு அடிச்சா எழுத்து பள்ளம் நிழலா தெரியும், எங்க தபால் ஆபீஸ்ல அழிஞ்ச விலாசத்தை நான் அப்படி படிச்சிருக்கேன். பவுண்டன் பேனாவுக்கு பள்ளம் விழாதே.

தபால்பெட்டி
நீல சேனல்ல பார்த்தேன். தாள் 228, திட்டு 165, திட்டுக்குள்ள எழுத்து 140. லெவல்ஸ்ல 125க்கும் 175க்கும் நடுவுல இழுத்து வச்சா ஓரத்துல இருக்கிற வார்த்தை எல்லாம் வருது: "இந்த மாதம் ரூ", அப்புறம் "5 அனுப்பியுள்ளேன்". நடுவுல ஒரு நம்பர் மட்டும் இல்ல, அங்க மை தடிச்சு செம்பு கலர்ல பளபளக்குது, ஸ்கேன்ல அது வெளிச்சமா அடிக்குது.

இருட்டறை
140ஆ? கணக்குப்படி பார்த்தா ரெண்டு அடுக்குக்கு 120 பக்கம் வந்திருக்கணும். திட்டு விழுந்த ஈரத்துல கீழ இருந்த எழுத்தும் கொஞ்சம் கரைஞ்சு பரவியிருக்கு. பளபளக்கிற இடத்துல மேல் பக்கத்துலருந்து ஒண்ணும் கிடைக்காது. தாளைத் திருப்பி பின்பக்கத்தை ஸ்கேன் பண்ணி கண்ணாடி பிம்பமா புரட்டிப் பாருங்க, எழுத்து மை முதல்ல ஊறினது, சில சமயம் பின்னாடி தனியா தெரியும்.

தபால்பெட்டி
பின்பக்கம் பண்ணினேன். ஒரு எண்ணோட கீழ் பாதி மட்டும் தெரியுது, வலது பக்கம் வளைவு. 3ஆ 8ஆன்னு தெரியல. படத்தை போட்டிருக்கேன்.

பிக்சல் பாண்டி
3 ண்ணா. இடது பக்கம் மூடல பாருங்க.

கிழக்குத்தெரு
எனக்கு 8 மாதிரித்தான் படுது. இடது பக்கம் மூடாத மாதிரி தெரியறது மை ஊறாததால இருக்கலாம். முதல் பக்கத்துல தேதியில 8 போட்டிருக்காரே, அவர் 8 எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறார்னு பாருங்க. மணியார்டர் அனுப்பியிருந்தா அம்மாகிட்ட கூப்பன் துண்டு இருக்குமே, அப்பல்லாம் அனுப்பற ஆள் அதுல நாலு வரி எழுதுவாங்க, பொம்பளைங்க அதையும் சேர்த்து வச்சிருப்பாங்க.

இருட்டறை
எதுவா இருந்தாலும் அந்த இடத்துல நீங்களா ஒரு நம்பரை வரைஞ்சு வச்சிடாதீங்க. திட்டை அப்படியே விடுங்க. ஓரத்துல மிச்சம் துடைக்கிறதா இருந்தாலும் தனி லேயர்ல பண்ணுங்க, முதல் ஸ்கேன் டிஃப் ஃபைலை ரெண்டு இடத்துல வச்சுக்குங்க.

தபால்பெட்டி
சரிண்ணே. தேதியில இருக்கிற 8ஐயும் வெட்டி பக்கத்துல வச்சுப் பார்த்தேன், அவர் 8 மேலருந்து ஆரம்பிச்சு இடது பக்கம் நல்லா பிதுங்கி நிக்குது, இதுல அப்படி இல்ல. ஆனாலும் சத்தியம் பண்ண முடியல. அம்மாகிட்ட கேட்டா "எண்பத்தஞ்சா, அவ்வளவு எல்லாம் எங்க அனுப்பினார்"ங்கறாங்க. கூப்பன் டிரங்க் பெட்டியில இருக்கான்னு அக்காவைப் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

குமாஸ்தா
தனி இழை போட்டிருக்கேன் சார், ஊதா சீல், நீல சேனல்ல எடுத்த படம் இருக்கு. கையெழுத்துல முதல் எழுத்து தெரியுது, மிச்சம் சீலோட தேதிக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு, அந்த தேதி மட்டும் கறுப்பு மை.